எட்டு இருபதுக்கு அணைந்த டி.வி.

அக்கா வீட்டு டி.வி. முதன்முதலில் தானாக அணைந்தது 2022 மே மாதம், அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு மதியம். செங்கல்பட்டில் என் கடையில் உட்கார்ந்து ஒரு ரிமோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

“தம்பி, டி.வி. போயிடுச்சுடா. பட்டுனு அணைஞ்சது. எந்த பட்டனை அமுக்கினாலும் வரலை.”

அரை மணி கழித்து அவளே மறுபடி கூப்பிட்டாள். “வந்துடுச்சு. நீ வரவேணாம்.”

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் கிளம்பிவிட்டேன். அக்காவைக் கொடுத்தது மாமல்லபுரத்தில். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர் போல வரும். மாமா கல்தச்சர். வீட்டை ஒட்டியே பட்டறை. உளிச் சத்தம் போய் கிரைண்டர் சத்தம் வந்து பல வருஷம் ஆகிறது. கிரானைட் தூசி பட்டறையைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வந்து படியும். கடல் இருக்கும் பக்கத்திலிருந்து உப்புக்காற்று வரும். அந்த இரண்டும் சந்திக்கும் கூடத்தில்தான் அந்த 43 இன்ச் டி.வி. இருந்தது. 2016 தீபாவளிக்கு வாங்கியது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1991இல். சாலிடேர், டயனோரா காலம். பிக்சர் டியூப் வைத்த பெட்டிகள். பிறகு 2006 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டி.வி.க்கள் வரிசை கட்டி வந்தன. அந்தப் பெட்டிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம்தான்: டி.வி. தானாக அணைந்தால் உள்ளே ஏதோ ஒன்று செத்திருக்கிறது, அல்லது சாகப் போகிறது. ஈயம் விட்டுப்போயிருக்கும், கண்டன்சர் காய்ந்திருக்கும். திற, தேடு, மாற்று. முப்பது வருஷம் அந்தப் பாடம் என்னைக் காப்பாற்றியது. அக்கா வீட்டு டி.வி.தான் அதில் உள்ள ஓட்டையைக் காட்டியது.

அன்று போனதும் கண்ணில் பட்டது ஷோகேஸ். தச்சரை வைத்துச் செய்த தேக்குமரப் பெட்டி, டி.வி.யின் அளவெடுத்துச் செய்தது போல மூன்று பக்கமும் ஒட்டி நின்றது. பின்னால் விரல் நுழைய இடமில்லை. போதாததற்கு அது மேற்குச் சுவர். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தச் சுவரில் கை வைத்தால் சுடும். டி.வி.யின் பின்மூடியில் மேலேயும் கீழேயும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, சூடேறி, மேலே வெளியேற வேண்டும். மேல் துளைகளைப் பலகை மூடியிருந்தது. கீழ்த் துளைகளைக் கல்தூசி மூடியிருந்தது.

டி.வி.யை வெளியே எடுத்து மேசை மேல் நிறுத்தி, பின்னால் ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டேன். அன்று மதியம் முழுக்க ஓடியது, அணையவில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு போர்வையைப் பின்மூடியின் மேல்பாதியில் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் பட்டென்று போனது. திரை மட்டும் போகவில்லை, கீழே எரியும் சிறு சிவப்பு விளக்கும் சேர்ந்து போனது. இருபது நிமிடம் ஆறவிட்ட பிறகு தானே வந்தது.

பவர் போர்டில் மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் ஐ.சி.க்குள்ளேயே ஒரு காவல் உண்டு. அளவுக்கு மேல் சூடானால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், ஆறினால் மறுபடி தொடங்கும். அந்த டி.வி.யில் சிவப்பு விளக்குக்கான மின்சாரமும் அதே ஐ.சி. வழியாகத்தான் போனது. அதனால் இரண்டும் சேர்ந்து அணைந்தன. நோய் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மூச்சு முட்டியது, மயங்கியது, அவ்வளவுதான்.

ஷோகேஸின் பின்பலகையை அறுத்து எடுக்கச் சொன்னேன். மேலே நாலு விரல்கடை இடைவெளி. மெனுவில் பேக்லைட் நூறில் இருந்தது, அறுபதுக்கு இறக்கினேன். எல்.இ.டி. டி.வி.யில் பெரும் மின்சாரத்தைத் தின்பது அந்தப் பேக்லைட்தான். அதைக் குறைத்தால் பவர் போர்டின் சுமையும் குறையும், சூடும் குறையும். மாமா திரையைப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே” என்றார். கூடத்தில் பார்க்க அறுபதே அதிகம்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை என்பது டிசம்பரில் தெரிந்தது.

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அன்று இரவே அக்கா வீட்டில் கரண்ட் இல்லை. திரும்பி வந்தபோது டி.வி. போட்டால் கம்பெனிப் பெயர் திரையில் வரும், ‘டிக்’ என்று ஒரு சத்தம், கறுப்பு. மறுபடி பெயர், மறுபடி டிக், மறுபடி கறுப்பு. நிற்காமல் இதே சுற்று. தெருவில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கரண்ட் வரும்போது அதிகமாக வந்து அடித்துவிட்டது. எனக்கு அதில் சந்தேகம். அடித்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், சிவப்பு விளக்கே எரியாது. இங்கே விளக்கு எரிகிறது; டி.வி. எழுந்திருக்கப் பார்க்கிறது, எழுந்து நிற்க முடியவில்லை.

திறந்தேன். திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் போர்டில் உள்ள பெரிய கண்டன்சரை ஒரு பல்பு வழியாக வடியவிட்டேன். 230 வோல்ட் ஏ.சி. அந்தக் கண்டன்சரில் 325 வோல்ட் டி.சி.யாக நிற்கும், சில போர்டுகளில் 400 வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நெடுநேரம் உள்ளே காத்திருக்கும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் செய்வதில்லை. வீட்டில் இருப்பவர்கள் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கண்டன்சர்தான்.

உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு படலம். தூசி என்று ஊதினால் பறக்கவில்லை, விரலில் ஒட்டியது. நாக்கில் வைத்தால் கரித்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கரையோரத்தில், அதுவும் மார்கழிக்கு முந்தைய அந்த நாட்களில், காலை நேரத்தில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அப்படிக் கரைந்த உப்பு போர்டின் மேல் மின்சாரம் கசியும் பாதை ஆகிவிடும். கனெக்டர் பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. செங்கல்பட்டில் நான் திறக்கும் டி.வி.க்களில் இதைப் பார்த்ததில்லை. அங்கே தூசி இருக்கும், செத்த பல்லி இருக்கும். பச்சை இருக்காது.

இப்போது என் முன்னால் இரண்டு சந்தேகப் பேர்வழிகள். ஒன்று ஈர உப்பு. இன்னொன்று கண்டன்சர். பவர் போர்டின் வெளியேறும் பக்கத்தில் 1000 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கண்டன்சர்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றின் தலை தட்டையாக இருந்தது. இன்னொன்றின் தலை, இட்லி போல, லேசாக உப்பியிருந்தது. விரலால் தடவினால்தான் தெரியும்.

மெக்கானிக்குகள் செய்யும் ஒரு சோதனை உண்டு. ஹேர் டிரையரால் கண்டன்சரைச் சூடாக்கிப் பார்ப்பது. பலவீனமான கண்டன்சர் குளிர்ந்திருந்தால் அதிகம் தடுமாறும். சூடானால் கொஞ்சம் தேறிவிடும். டி.வி. வழக்கமாக ஸ்டாண்ட்பையிலேயே கிடக்கும்போது உள்ளே ஒரு சிறு சூடு இருந்துகொண்டே இருக்கும். புயலில் கரண்ட் போனதும் அந்தச் சூடும் போனது. அதனால்தான் அதுவரை இழுத்துப் பறித்து ஓடிக்கொண்டிருந்த டி.வி., கரண்ட் வந்த அன்று படுத்துக்கொண்டது. புயல் கொன்றதல்ல. நோயாளியைப் பட்டினி போட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சோதனையில் ஒரு சிக்கல்: சூட்டில் ஈர உப்பும் காய்ந்துவிடும். டி.வி. வந்தால் காரணம் எது என்று தெரியாது. அதனால் முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்துப் போர்டு முழுக்கக் கழுவி, கனெக்டர்களைத் தேய்த்து, ஃபேனுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உலரவிட்டேன். மாட்டிப் போட்டேன். அதே டிக், அதே கறுப்பு. உப்பு விடுதலை. ஹேர் டிரையரை எடுத்து உப்பிய கண்டன்சர் மேல் ஒரு நிமிடம் பிடித்தேன். டி.வி. வந்தது, பத்து நிமிடம் ஓடியது.

மல்டிமீட்டரும் அதையே சொன்னது. ஸ்டாண்ட்பையில் 5 வோல்ட் அசையாமல் நின்றது. டி.வி. போடும்போது 12 வோல்ட் லைன் 12க்கு ஏறி, பேக்லைட் எரிந்த கணத்தில் 9க்கு அருகே சரிந்தது. மெயின் போர்டு அந்த 12ஐ நம்பித்தான் விழித்திருக்கிறது. அது சரிந்தால் மயங்கி விழும். விழுந்ததும் சுமை குறைந்து வோல்டேஜ் மறுபடி ஏறும். மறுபடி எழப் பார்க்கும். அந்தச் சுற்றைத்தான் அக்கா திரையில் பார்த்தாள்.

இரண்டு கண்டன்சர்களையும் மாற்றினேன். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் அதே வயசுதான். அதே 1000 மைக்ரோ ஃபாரட், வோல்டேஜ் மட்டும் 16க்குப் பதில் 25. வோல்டேஜ் கூடலாம், குறையக் கூடாது. 105 டிகிரி, லோ இ.எஸ்.ஆர். வகை. எதிர்மின் கோட்டைப் பார்த்து வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் வெடிக்கும். சென்னை ரிட்சி தெருவிலிருந்து வாங்கி டப்பாவில் வைத்திருந்தவை. ஒன்று இருபது ரூபாய்க்குள்தான். 12 வோல்ட் அதன் பிறகு 12 வோல்ட்டாகவே நின்றது.

அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது மனக்கணக்குப் போட்டேன். அந்த வகைக் கண்டன்சருக்குக் கம்பெனி கொடுக்கும் ஆயுள் 105 டிகிரியில் 2000 மணி நேரம். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது தொழிலில் எல்லோரும் பிடிக்கும் தோராயக் கணக்கு. 95இல் 4000, 85இல் 8000, 75இல் 16,000, 65இல் 32,000. அக்கா வீட்டில் நாளுக்கு எட்டு மணி நேரம் டி.வி. ஓடும். ஷோகேஸுக்குள் கண்டன்சர் 75 டிகிரியில் வெந்திருந்தால் 16,000 மணி நேரம் ஐந்தரை வருஷத்தில் தீரும். காற்றோட்டமாக வைத்து 65இல் இருந்திருந்தால் பதினோரு வருஷம். 2016 தீபாவளியிலிருந்து 2022 டிசம்பர் ஆறு வருஷம். மே மாதம் நான் பின்பலகையை அறுக்கச் சொன்னபோது கண்டன்சர் ஏற்கெனவே கடைசி மூச்சில் இருந்திருக்கிறது. சூடு அணைத்தது ஒரு நாள். அரித்தது ஆறு வருஷம்.

இந்தக் கணக்கு சரியாக வந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் விழுந்தேன்.

2023 பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். அக்கா மகள் இரண்டாவது பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். கூடவே ஐந்து வயது மூத்த பையன். அக்கா போன் செய்தாள்.

“டேய், மறுபடியும் அணையுதுடா. சீரியல் பாதியில போயிடுது. அது மட்டுமா, முந்தாநாள் ராத்திரி கரண்ட் போய் வந்தது, மூணு மணிக்கு யாரும் தொடாம அதுவா எரியுது. மாமா எழுந்து போய் அணைச்சாரு. நான் திருஷ்டி சுத்திப் போட்டுட்டேன்.”

சாலிடேர் காலத்துப் பாடம் உள்ளே இருந்து பேசியது: நீ மாற்றிய கண்டன்சர் சரியில்லை, அல்லது போர்டில் வேறொன்றும் போயிருக்கிறது. கையோடு அந்த மாடலுக்கான ஒரு பவர் போர்டை 1,800 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனேன். எதையும் கேட்கவில்லை. எதையும் அளக்கவில்லை. பழைய போர்டைக் கழற்றி, புதியதை மாட்டி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன். அன்று இரவு எட்டரைக்குப் போன் வந்தது. அணைந்துவிட்டது.

அப்போதுதான் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டேன். “அக்கா, அணையும்போது கீழ சிவப்பு லைட் எரியுதா, அதுவும் போயிடுதா?”

“எரியுதே. ரிமோட்ல அணைச்சா எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கு. ரிமோட்டை அமுக்கினா உடனே வந்துடுது.”

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மே மாதம் போனபோது விளக்கும் சேர்ந்து போனது, ஆறும்வரை வரவில்லை. டிசம்பரில் விளக்கு எரிந்தது, ஆனால் டி.வி. எழுந்து எழுந்து விழுந்தது. இது இரண்டும் இல்லை. இது மயக்கம் இல்லை, தூக்கம். யாரோ தூங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். டி.வி. சொன்னபடி கேட்டிருக்கிறது.

ஒரு வாரம் அணையும் நேரத்தை எழுதி வைக்கச் சொன்னேன். அக்கா மகள் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாள். திங்கள் 8.20. செவ்வாய் 8.21. புதன் 8.20. வியாழன் அணையவில்லை, ராத்திரி பதினொன்று வரை ஓடியது. வெள்ளி 8.20. சனி 9.20.

சூட்டுக்குக் கடிகாரம் தெரியாது. உப்புக்கும் தெரியாது. நிமிஷம் தவறாமல் வருவது மனுஷன் வைத்த கணக்கு.

“வியாழக்கிழமை என்னம்மா வித்தியாசம்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல மாமா. பையனுக்குக் காய்ச்சல், கார்ட்டூன் பார்க்காம தூங்கிட்டான்.”

“தினமும் எதுல கார்ட்டூன் பார்ப்பான்?”

அப்போதுதான் அந்தக் குச்சி வெளியே வந்தது. பென் டிரைவ் போல, டி.வி.யின் பின்னால் ஹெச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சி. பையனுக்காகப் பொங்கலுக்கு வாங்கியது. அவன் எட்டு மணி வரை கார்ட்டூன் பார்ப்பான். எட்டுக்கு அக்கா ரிமோட்டை வாங்கிக் கேபிளுக்கு மாற்றிச் சீரியல் போடுவாள். சனிக்கிழமை ஒன்பது மணி வரை அவனுக்குச் சலுகை. குச்சியை யாரும் அணைப்பதில்லை. அது பின்னால் தனியாக விழித்துக்கொண்டிருக்கும். இருபது நிமிடம் கேட்பாரில்லை என்றால் தூங்கப் போகும். போகும்போது எல்லோரையும் தூங்கச் சொல்லிவிட்டுப் போகும்.

ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் 19 பின்கள். படத்தையும் ஒலியையும் சுமப்பவை போக, 13ஆவது பின் தனி. அதற்குச் சி.இ.சி. என்று பெயர். டி.வி., செட்டாப் பாக்ஸ், குச்சி, சவுண்ட் பார் என்று இணைத்திருக்கும் எல்லாமே அந்த ஒரே கம்பியில் பேசிக்கொள்ளும். ஒரு ரிமோட்டால் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கலாம் என்பதற்காக வைத்த ஏற்பாடு. ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு எண். டி.வி.க்கு எப்போதும் 0. குச்சி போன்ற சாதனத்துக்குப் பெரும்பாலும் 4. எல்லோருக்கும் என்று சொல்ல F. குச்சி தூங்கப்போகும்போதும் விழிக்கும்போதும் அந்தக் கம்பியில் போகும் செய்தி ஒவ்வொன்றும் இரண்டே பைட்:

```
4F 36   எல்லோரும் ஸ்டாண்ட்பைக்குப் போங்கள்
40 04   டி.வி.யே, விழித்துப் படம் காட்டு
```

முதல் வரிதான் அக்காவின் சீரியலை வெட்டியது. டி.வி. அப்போது வேறு இன்புட்டில், கேபிளைக் காட்டிக்கொண்டிருந்ததை அந்தக் குச்சி பொருட்படுத்தவில்லை. இரண்டாவது வரிதான் ராத்திரி மூன்று மணிப் பேய். கரண்ட் போய் வந்ததும் குச்சி தானாகத் தொடங்கி, வழக்கம்போல டி.வி.யை எழுப்பியிருக்கிறது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய பவர் போர்டையே மறுபடி மாட்டினேன். மெயின் போர்டிலிருந்து பவர் போர்டுக்கு ‘பி.எஸ். ஆன்’ என்று ஒரு கம்பி வரும். டி.வி. ஓடவேண்டும் என்றால் மெயின் போர்டு அதில் மின்னழுத்தம் கொடுக்கும். எடுத்துவிட்டால் பவர் போர்டு 12 வோல்ட்டை நிறுத்திவிடும். அதில் ஒரு மீட்டர், 12 வோல்ட்டில் ஒரு மீட்டர். பையனைக் கூப்பிட்டுக் கார்ட்டூன் போடச் சொல்லி, கேபிளுக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தோம். இருபதாவது நிமிடம் ‘பி.எஸ். ஆன்’ முதலில் விழுந்தது. அதன் பின்னால்தான் 12 வோல்ட் இறங்கியது. டிசம்பரில் நடந்தது நேர்மாறு: உத்தரவு நின்றுகொண்டிருக்கும்போதே 12 சரிந்தது. இது உத்தரவு போனதால் வேலை நின்றது. இந்த ஒரு அளவைப் போர்டு வாங்கும் முன்பே எடுத்திருந்தால் 1,800 ரூபாய் மிச்சம்.

குச்சியைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தோம். ராத்திரி வரை அணையவில்லை. பிறகு அதைச் செருகிவிட்டு டி.வி.யின் மெனுவுக்குள் போனேன். சி.இ.சி. என்று எழுதியிருக்காது என்பதால்தான் பலரும் இதைக் கண்டுபிடிப்பதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. சாம்சங்கில் Anynet+, சோனியில் BRAVIA Sync, எல்.ஜி.யில் SIMPLINK, பானசோனிக்கில் VIERA Link. பல டி.வி.க்களில் உள்ளே தனித்தனிச் சுவிட்சுகள் உண்டு: இணைத்த கருவியோடு சேர்ந்து டி.வி. அணைவது ஒன்று, கருவி எழுப்பினால் டி.வி. எரிவது ஒன்று. அந்த இரண்டை மட்டும் நிறுத்தினால் போதும். மொத்தமாக நிறுத்தினால், சவுண்ட் பார் வைத்திருக்கும் வீடுகளில் டி.வி. ரிமோட்டால் சத்தம் கூட்டிக் குறைப்பது போய்விடலாம், ஏ.ஆர்.சி. வழியாகச் சத்தமே போகாமலும் இருக்கலாம். அக்கா வீட்டில் சவுண்ட் பார் இல்லை. அவர்கள் டி.வி.யில் ஒரே சுவிட்சுதான் இருந்தது. நிறுத்தினேன். குச்சியின் அமைப்பிலும் அதே கட்டுப்பாட்டை நிறுத்தினேன். வேலை நாலு நிமிடம்.

மாமா கல்தூசி படிந்த வேட்டியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்க ஒரு கல்லை உடைக்கறதுக்கு முன்னாடி சுத்தியால தட்டி சத்தத்தைக் கேப்போம்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டியபோது வாத்தியார் வீடு நினைவுக்கு வந்தது. செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்குப் போகும் பக்கம், ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். சில வருஷங்களுக்கு முன் அவர் வீட்டு டி.வி. தானாக அணைகிறது என்று கூப்பிட்டார். பவர் போர்டு மாற்றினேன். மறுபடி அணைந்தது. இன்னொரு போர்டு மாற்றினேன். மறுபடி அணைந்தது. மெயின் போர்டு போய்விட்டது, மாற்றினால் புது டி.வி. விலை வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் வீட்டில் டி.வி.க்குக் கீழே ஒரு புது டி.வி.டி. பிளேயர் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. பேரன் வெளியூரிலிருந்து கொண்டு வந்தது என்று ஆசையாகக் காட்டினார். டி.வி. அணையும்போது சிவப்பு விளக்கு எரிந்ததா? எரிந்தது. ஒவ்வொரு முறையும் எரிந்தது. அதை வைத்துத்தான் “கரண்ட் வருது சார், போர்டுதான் கோளாறு” என்று அவரிடம் விளக்கினேன்.

மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். டி.வி.யை எப்போதோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த டி.வி.டி. பிளேயர்தான் காரணம் என்று இப்போது என்னால் நிரூபிக்க முடியாது. அதில் அந்தக் கட்டுப்பாடு இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டு போர்டுக்கு வாங்கிய பணத்தை நீட்டினேன். வாங்க மறுத்தார். ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு யார் வீட்டிலிருந்து போன் வந்தாலும் பையைத் தூக்கும் முன் மூன்று கேள்வி கேட்கிறேன். நீங்களும் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இந்த மூன்றையும் பார்த்து வையுங்கள். அணையும்போது சிவப்பு விளக்கு எரிகிறதா, போகிறதா, அல்லது டி.வி. எழுந்து எழுந்து விழுகிறதா? மணி என்ன? சமீபத்தில் டி.வி.யின் பின்னால் புதிதாக எதைச் செருகினீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இருந்தால், அதைப் பிடுங்கிவிட்டு ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள். அதற்கு ஸ்குரூடிரைவரும் வேண்டாம், நானும் வேண்டாம்.